பிரைவேட் அழைப்பு: விருந்தினர் பட்டியல் யார் கண்ணில் படும்?

கேரள எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஒரு விசேஷம் என்றால் உறவு மூன்று திசையில் இருக்கும். பாதிப் பேர் பொள்ளாச்சி, கோவைப் பக்கம். கொஞ்சம் பேர் பாலக்காடு, சித்தூரில். மீதிப் பேர் துபாயிலோ மஸ்கட்டிலோ. வீடு வீடாகப் போய்க் குங்குமம் கொடுத்து அழைக்க முடியாத இடங்களுக்கு இப்போது போன் வழியாகத்தான் அழைப்பு போகிறது. கல்யாணத்துக்கு ஊரையே கூப்பிடுவதால் அதில் பெரிய சிக்கல் வராது. சிக்கல் வருவது நிச்சயதார்த்தத்தில். கல்யாணத்துக்கு அறுநூறு பேர், நிச்சயத்துக்கு நெருங்கிய 90 பேர் என்று வீட்டில் முடிவு செய்திருப்பார்கள். அந்தத் தொண்ணூறில் ஒரு பங்காளி வீடு இருந்து இன்னொரு பங்காளி வீடு இல்லை என்பது வெளியே தெரிந்தால், கல்யாணத்துக்கு முன்பே மனஸ்தாபம் தொடங்கிவிடும்.

அதனால்தான் பலர் அழைப்பை ‘பிரைவேட்’ என்று போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த நிம்மதிக்கு ஆதாரம் இல்லை. பிரைவேட் என்ற அமைப்பு அழைக்கப்படாதவர்களிடமிருந்து பக்கத்தை மறைக்கிறது. அழைக்கப்பட்டவர்களை ஒருவருக்கொருவர் மறைப்பது அதன் வேலை இல்லை. ஒரு நிகழ்ச்சிப் பக்கத்தில் தனித்தனியாக மூன்று பூட்டுகள் இருக்கின்றன: பக்கத்தை யார் பார்க்கலாம், யார் புதிதாக ஆள் சேர்க்கலாம், விருந்தினர் பட்டியலை யார் பார்க்கலாம். முதல் பூட்டைப் பூட்டினால் மற்ற இரண்டும் தானாகப் பூட்டிக்கொள்ளாது.

பேஸ்புக்கில் நடப்பது

பேஸ்புக்கில் நிகழ்ச்சி உருவாக்கும்போது Private என்று தேர்ந்தெடுத்தால், அழைக்கப்பட்டவர் மட்டுமே பக்கத்தைத் திறக்க முடியும். தேடலில் வராது, இணைப்பை யாருக்காவது அனுப்பினாலும் அழைப்பு இல்லாதவருக்குத் திறக்காது. இது உண்மையான பாதுகாப்புதான். ஆனால் அதே பக்கத்தில் இன்னும் இரண்டு அமைப்புகள் இருக்கும். விருந்தினர்கள் தங்கள் நண்பர்களை அழைக்கலாமா என்பது ஒன்று, விருந்தினர் பட்டியலைக் காட்டலாமா என்பது மற்றொன்று. ஆப்பின் பதிப்புக்கு ஏற்ப எழுத்து கொஞ்சம் மாறினாலும் இரண்டும் அமைப்புகள் பகுதியில்தான் கிடக்கும்.

நண்பர்களை அழைக்கும் அனுமதி திறந்திருந்தால், பொள்ளாச்சி சித்தப்பா மகன் நல்லெண்ணத்தோடு, “விட்டுப்போச்சுபோல” என்று இன்னும் ஏழு பேரைச் சேர்த்துவிடுவார். அந்த ஏழு பேருக்கும் உங்கள் வீட்டு நிகழ்ச்சிக்கு முறையான அழைப்பு வந்ததாகவே தோன்றும். அவர்களைப் பட்டியலிலிருந்து எடுக்கலாம். ஆனால் வந்த அழைப்பு காணாமல்போனதை அவர்கள் கவனிப்பார்கள். சேர்த்துவிட்டு எடுப்பதைவிடச் சேர்க்காமலே இருந்திருக்கலாம் என்ற நிலை அது.

பட்டியலைக் காட்டும் அமைப்பு திறந்திருந்தால், வருகிறேன் என்றவர்கள் மட்டும் இல்லாமல், அழைப்பு போய் இன்னும் பதில் சொல்லாதவர்களின் பெயர்களும் மற்ற விருந்தினர்களுக்குத் தெரியும். நிச்சயத்தில் மனஸ்தாபத்துக்கு வழி வைப்பது இந்தப் பதில் சொல்லாதவர் வரிசைதான். பக்கத்தைத் திறக்காத, பேஸ்புக்கே பார்க்காத பெரியப்பாவின் பெயர்கூட அங்கே நிற்கும். அதனால் பட்டியலை மேலிருந்து கீழ்வரை தள்ளிப் பார்ப்பவருக்கு, யார் வருகிறார்கள் என்பதோடு யாருக்குச் சொல்லியிருக்கிறது, யாருக்குச் சொல்லவில்லை என்பதும் தெரிந்துவிடும். பட்டியலை மூடிவிட்டால் நடத்துபவர்களுக்கு மட்டும் அது தெரியும்.

நடத்துபவர்கள் என்று பன்மையில் சொல்ல ஒரு காரணம் உண்டு. பேஸ்புக்கில் Co-host என்று இன்னொருவரைச் சேர்த்தால், அவர் பட்டியலைப் பார்க்கலாம், ஆட்களை அழைக்கலாம், நேரத்தையும் இடத்தையும் திருத்தலாம். பெண்ணின் அண்ணனைச் சேர்ப்பதில் தவறில்லை. மாப்பிள்ளை வீட்டிலும் ஒருவரைச் சேர்ப்பது மரியாதையாகத் தோன்றும். ஆனால் அவர் உள்ளே வந்த நொடியே உங்கள் பக்கத்துப் பட்டியல் முழுவதும் அவர் கையில். இரண்டு வீட்டுக்கும் இரண்டு பக்கம் வைத்துக்கொள்வதே நல்லது என்பது எங்கள் கருத்து. மண்டபக்காரர், போட்டோகிராபர், சமையல்காரர் ஆகியோருக்கு Co-host பொறுப்பு தேவையே இல்லை. அவர்களுக்கு வேண்டியது நாள், நேரம், தலைக்கணக்கு மட்டும்தான்.

இன்னொன்று. பிரைவேட்டா பப்ளிக்கா என்பதை நிகழ்ச்சியை உருவாக்கும்போதே முடிவு செய்ய வேண்டும். பிறகு மாற்றலாம் என்று நம்பி வைக்காதீர்கள். தவறாக பப்ளிக் என்று போட்டிருந்தால் அந்தப் பக்கத்தை அழித்துவிட்டு, யாரையும் அழைப்பதற்கு முன் புதிதாக ஒன்று தொடங்குவதுதான் வழி.

கூகுள் காலண்டரில் நடப்பது

ஐடி வேலையில் இருக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் கூகுள் காலண்டர் வழியாக அழைப்பு அனுப்புகிறார்கள். நாள் தானாகக் காலண்டரில் ஏறிவிடும், ஊர் நேரமும் தானாக மாறிவிடும். காலை 10:30 முகூர்த்தம் துபாய்க்காரர் போனில் 9:00 என்று காட்டும், அது சரியான நேரம்தான். இந்த வசதிக்காகவே பலர் இதை விரும்புகிறார்கள்.

இங்கே குழப்பம் வேறு இடத்தில் இருக்கிறது. கூகுள் காலண்டரில் நிகழ்ச்சியை Private என்று குறித்தால், உங்கள் காலண்டரைப் பார்க்க மட்டும் அனுமதி பெற்ற மற்றவர்கள், உதாரணமாக அலுவலகத்தில் உடன் வேலை செய்பவர்கள், அதன் விவரத்தைப் பார்க்க முடியாது. விருந்தினர் பட்டியலுக்கும் அந்தக் குறிக்கும் சம்பந்தம் இல்லை. பட்டியலைத் தீர்மானிப்பது ஆட்களைச் சேர்க்கும் பெட்டிக்குக் கீழே, Guest permissions என்ற தலைப்பில் இருக்கும் மூன்று கட்டங்கள்: Modify event, Invite others, See guest list. சாதாரணமாக முதல் கட்டம் காலியாகவும், மற்ற இரண்டும் டிக் போட்டபடியும் வரும். அதாவது நீங்கள் எதையும் தொடாமல் அனுப்பினால், அழைக்கப்பட்ட எல்லோரும் எல்லோருடைய மின்னஞ்சல் முகவரியையும் பார்க்கலாம், ஆளும் சேர்க்கலாம். Modify event என்பதை டிக் செய்தால் மற்ற இரண்டு அனுமதியும் அதோடு சேர்ந்து விருந்தினர்களுக்குக் கிடைத்துவிடும். அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

See guest list என்பதில் டிக்கை எடுத்துவிட்டால், ஒவ்வொரு விருந்தினருக்கும் தன் பெயரும் அழைத்தவர் பெயரும் மட்டும் தெரியும். ஆனால் இதை அனுப்புவதற்கு முன்பே செய்ய வேண்டும். ஏன் என்பது அழைப்பு உண்மையில் எந்த வடிவத்தில் பயணிக்கிறது என்பதைப் பார்த்தால் விளங்கும். அழைப்பு மின்னஞ்சலோடு .ics என்ற சின்ன எழுத்துக் கோப்பு ஒன்றும் போகிறது. அதற்குள் இருப்பது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
METHOD:REQUEST
BEGIN:VEVENT
DTSTART:20260830T050000Z
ORGANIZER:mailto:veedu@example.com
ATTENDEE;PARTSTAT=ACCEPTED:mailto:athai@example.com
ATTENDEE;PARTSTAT=NEEDS-ACTION:mailto:mama@example.com
END:VEVENT
```

ஒவ்வொரு ATTENDEE வரியும் ஒரு விருந்தினர். அதில் PARTSTAT என்பது அவருடைய பதில். ACCEPTED என்றால் வருகிறார், DECLINED என்றால் வரவில்லை, TENTATIVE என்றால் இன்னும் உறுதியில்லை, NEEDS-ACTION என்றால் பதிலே சொல்லவில்லை. இந்த வடிவம் கூகுளுக்கு மட்டும் சொந்தமானது இல்லை. 2009இல் RFC 5545 என்ற பொதுத் தரமாக வந்தது. அவுட்லுக், ஆப்பிள் காலண்டர் எல்லாம் இதே கோப்பைத்தான் படிக்கின்றன. பட்டியல் மறைக்கப்பட்டிருந்தால் ஒருவருக்குப் போகும் கோப்பில் அவருடைய வரி மட்டும் இருக்கும். மறைக்காமல் அனுப்பினால் எல்லோருடைய வரியும் எல்லோருக்கும் போய்விடும். பிறகு நீங்கள் டிக்கை எடுத்தாலும், ஏற்கெனவே போய்ச் சேர்ந்த மின்னஞ்சலும் கோப்பும் அவரவர் இன்பாக்ஸில் அப்படியே இருக்கும். அதைத் திரும்பப் பிடிக்க வழியில்லை.

பதில் வருவதும் இதே முறைதான். மாமா ‘Yes’ என்று அழுத்தினால் அவருடைய ஒரே ஒரு வரி கொண்ட பதில் கோப்பு அழைத்தவருக்குத் திரும்புகிறது. அழைத்தவரிடம் இருப்பதுதான் மூலப் பிரதி. கூகுள் கணக்கு வைத்திருக்கும் விருந்தினர்களுக்கு மாற்றம் உடனே தெரியும். வேறு ஆப்பில் பார்ப்பவருக்கு அவரிடம் இருக்கும் பிரதி பழையதாகவே நிற்கலாம். “மாமா இன்னும் பதிலே சொல்லலையாமே” என்று யாராவது போன் செய்து சொன்னால், முதலில் அவர் எதில் பார்க்கிறார் என்று கேளுங்கள். அழைத்தவர் திரையில் இருப்பதை மட்டும் நம்பினால் போதும்.

மின்னஞ்சலை பார்வர்டு செய்வது இன்னொரு ஓட்டை. கூகுள் அனுப்பும் ஒவ்வொரு அழைப்பின் அடியிலும் சின்ன எழுத்தில் ஒரு எச்சரிக்கை இருக்கும்: இதை பார்வர்டு செய்தால் பெறுபவர் அழைத்தவருக்குப் பதில் அனுப்பலாம், பட்டியலில் சேர்க்கப்படலாம், உங்கள் பதிலையே மாற்றிவிடலாம். அந்த மின்னஞ்சலில் இருக்கும் ‘Yes’, ‘No’ பட்டன்கள் உங்களுக்கென்றே உருவானவை. சித்தி அந்த மின்னஞ்சலைத் தங்கைக்கு அனுப்பி, தங்கை ‘No’ என்று அழுத்தினால், வரமாட்டேன் என்று பதிவாவது சித்தியின் பெயரில். திடீரென்று நெருங்கிய சொந்தம் ஒருவர் ‘வரவில்லை’ என்று மாறியிருந்தால், கோபித்துக்கொண்டார் என்று முடிவு கட்டுவதற்கு முன் இதை விசாரிக்க வேண்டும்.

வாட்ஸ்அப்: குழுவே பட்டியல்

எல்லை ஊர்களில் உண்மையில் அதிகம் நடப்பது வாட்ஸ்அப் குழுதான். குழுவுக்குள்ளேயே நிகழ்ச்சி உருவாக்கும் வசதியை வாட்ஸ்அப் 2024இல் கொண்டுவந்தது. நாள், நேரம், இடம் போடலாம். குழுவில் இருப்பவர்கள் வருகிறோமா என்று அழுத்தலாம். ஆனால் இதில் மறைப்பதற்கு ஒன்றுமே இல்லை. குழுவில் இருக்கும் எல்லோருக்கும் எல்லோருடைய எண்ணும் தெரியும், யார் என்ன பதில் சொன்னார் என்பதும் தெரியும்.

தவறாக ஒருவரைச் சேர்த்து உடனே எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். குழு விவரத்தின் அடியில் Past participants என்று ஒரு பகுதி உண்டு. கடந்த 60 நாட்களில் வெளியேறியவர்கள், வெளியேற்றப்பட்டவர்கள் பெயர் அங்கே குழுவில் உள்ள எல்லோருக்கும் தெரியும். நிச்சயத்துக்கு என்று சேர்த்து எடுக்கப்பட்டவர் பெயர், கல்யாண நாள்வரைகூட அங்கே இருக்கலாம்.

ஒருவருக்கொருவர் தெரியாமல் அழைக்க வேண்டும் என்றால் வாட்ஸ்அப்பில் Broadcast list ஏற்றது. ஒரு பட்டியலில் 256 பேர்வரை வைக்கலாம். ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகப் போகும். பதில் உங்களுக்கு மட்டும் வரும். இன்னும் யாருக்கெல்லாம் போயிற்று என்று பெற்றவருக்குத் தெரியாது. இதற்கு ஒரு நிபந்தனை: உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். கேரள எண், தமிழ்நாட்டு எண், வளைகுடா எண் என்று இரண்டு மூன்று சிம் மாற்றியவர்கள் வீட்டில் இது அடிக்கடி தவறுகிறது. உங்கள் பழைய எண்தான் அத்தையிடம் இருக்கும். புது எண்ணிலிருந்து போன அழைப்பு அவரை எட்டவே எட்டாது, உங்களுக்கும் எந்த எச்சரிக்கையும் வராது. அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து அதன் விவரத்தைத் திறந்தால் யார் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று காட்டும். ஒரு நாள் கழித்தும் அதில் இல்லாத பெயர்களைத் தனியாக எடுத்து போன் செய்து அழைத்துவிட வேண்டும்.

கூகுள் பார்ம் வைத்து வருகை கேட்பவர்களும் உண்டு. அதில் பார்க்க வேண்டியது இரண்டுதான். Settings பகுதியில் View results summary என்பது அணைந்திருக்க வேண்டும். திறந்திருந்தால் படிவம் நிரப்பியவர் மற்றவர்கள் எழுதிய பெயர்களையும் பார்த்துவிடலாம். பதில்கள் சேரும் ஷீட்டை, இணைப்பு உள்ள யாரும் பார்க்கலாம் என்று பகிர்ந்துவிடக் கூடாது.

ஒரு நிச்சயத்தை எடுத்துக்கொண்டு பார்த்தால்

கொழிஞ்சாம்பாறையில் ஒரு வீட்டில் நிச்சயம், 90 பேர் மதிப்பு, 38 வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். அழைப்பு போவது வீட்டுக்கு ஒருவர் இருவராக 52 பேருக்கு. பேஸ்புக்கில் பிரைவேட் பக்கம் திறந்து, பட்டியலை மூடி, ஆள் சேர்க்கும் அனுமதியையும் மூடியாயிற்று. இப்போது 52 பேரையும் ஒரேயடியாக அழைக்காமல், முதலில் வீட்டுக்குள்ளேயே ஒருவரை மட்டும் அழையுங்கள். அவர் Co-host ஆக இல்லாமல் சாதாரண விருந்தினராக இருக்க வேண்டும். அவர் போனில் பக்கத்தைத் திறந்து பட்டியல் தெரிகிறதா, மற்றவரை அழைக்கும் பட்டன் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். நடத்துபவரின் திரையில் எப்போதும் எல்லாம் தெரியும் என்பதால், சொந்தப் போனில் பார்த்துச் சரி என்று சொல்வதில் பயன் இல்லை. கூகுள் காலண்டருக்கும் இதே சோதனைதான்.

பிறகு பதில்கள் வரும். வருகிறோம் என்று 29, பார்க்கலாம் என்று 8, முடியாது என்று 4, பதிலே இல்லாமல் 11 என்று வைத்துக்கொள்வோம். 29 என்பதை எடுத்துச் சமையல்காரரிடம் சொல்லிவிட முடியாது. ஒரு அழுத்தல் என்பது ஒரு பேஸ்புக் கணக்கு. ஒரு தலை இல்லை. கணவனும் மனைவியும் தனித்தனியே அழுத்தியிருப்பார்கள், பிள்ளைகள் அழுத்தியிருக்க மாட்டார்கள். இந்த 29ஐ வீட்டு வாரியாக அடுக்கினால் 21 வீடுகள் வரும். ஒவ்வொரு வீட்டுக்கும் எத்தனை இலை என்று கேட்டுக் கூட்டினால் 60க்கு வரலாம். ‘பார்க்கலாம்’ என்ற 8 பேரையும் பதில் சொல்லாத 11 பேரையும் போனில்தான் கேட்க வேண்டும். வயதானவர்கள் பக்கத்தில் எதையும் அழுத்தாமலே, “அழைச்சாச்சில்ல, வந்துருவோம்” என்று இருந்துவிடுவார்கள். நம் ஊரில் பதில் இல்லை என்பதை வரவில்லை என்று எடுத்துக்கொண்டால் பந்தியில் இலை போதாது.

பட்டியல் மூடியிருக்கும்போது பக்கத்தில் இன்னொரு வழியாகப் பெயர்கள் வெளிவரும். நிகழ்ச்சிப் பக்கத்துச் சுவரில் யாராவது, “நாங்க நாலு பேரு வர்றோம்” என்று எழுதுவார்கள், அதற்கு இன்னொருவர் பதில் போடுவார். சுவரில் எழுதுவது அழைக்கப்பட்ட எல்லோருக்கும் தெரியும், பட்டியலை மூடிய பூட்டு அதைத் தொடாது. எழுதும் வசதியை நடத்துபவர்களுக்கு மட்டும் என்று வைத்துவிட்டு, பதிலுக்கு ஒரு போன் எண்ணை விவரத்தில் போடுவது எளிது. நிச்சயம் முடிந்த அன்று போட்டோக்களை அதே பக்கத்தில் ஏற்றி, வந்தவர்களை டேக் செய்வதும் இதே கதை. இத்தனை நாள் மூடி வைத்த பட்டியல் முகத்தோடு வெளியே வந்துவிடும்.

விசேஷம் முடிந்ததும் கூகுள் காலண்டரில் நிகழ்ச்சியை அழிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விருந்தினர்களுக்குத் தெரிவிக்கவா என்று கேட்டால் Don't send என்று கொடுங்கள். தெரிவி என்று அழுத்தினால், ரத்து என்ற மின்னஞ்சல் அத்தனை பேருக்கும் போகும். நிச்சயம் முடிந்த மறுநாள் மஸ்கட்டில் இருப்பவர் அதைப் பார்த்தால், பதறிப்போய் முதலில் மாப்பிள்ளை வீட்டுக்குத்தான் போன் போடுவார்.